இருபத்திரண்டு மதி

எனக்குக் காது நன்றாகக் கேட்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்தக் கதையைக் கேட்டவர்கள் எல்லோரும் கடைசியில் என் காதைத்தான் குறை சொல்கிறார்கள். இருபத்தெட்டு வருஷம் சத்துணவு அமைப்பாளராக இருந்தவள் நான். நூறு பிள்ளைகள் தட்டைத் தட்டுகிற சத்தத்துக்கு நடுவே, இரண்டாவது முட்டை கேட்கிறவன் யார் என்று குரலை வைத்தே சொல்லிவிடுவேன். குறை என் காதில் இல்லை, குற்றாலத்து அருவியில்.

மகளுக்குச் செங்கோட்டையில் சம்பந்தம் முடிவாகியிருந்தது. பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் அம்மா, "நாங்க எதுவும் கேக்க மாட்டோம் மதினி, உங்க பிள்ளைக்கு நீங்க போடுதது உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டு இரண்டாவது தடவை கேசரி வாங்கிச் சாப்பிட்டார்கள். எனக்கு அந்த இரண்டுமே பிடித்திருந்தது. பதினைந்து பவுன் போடுவது என்று நானும் வீட்டுக்காரரும் முன்னமே பேசிவைத்திருந்தோம். அதற்குச் சேர்த்தும் வைத்திருந்தோம். எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

ஆடி மாதம். சாரல் நன்றாக விழுந்துகொண்டிருந்தது. சென்னையிலிருந்து வந்த சொந்தக்காரக் கூட்டத்தைக் குளிக்கக் கூட்டிக்கொண்டு பேரருவிக்குப் போயிருந்தேன். தென்காசியில் வீடு வைத்திருப்பவர்களுக்கு ஆனி, ஆடி இரண்டு மாதமும் இதுதான் உத்தியோகம். அவர்கள் எல்லோரும் தண்ணீருக்குள் நிற்க, நான் எட்டுத் துண்டு, ஆறு செல்போன், ஒரு பல்செட்டு இவற்றுக்குக் காவலாகப் படியில் நின்றேன். அப்போதுதான் சம்பந்தியம்மாவிடமிருந்து போன் வந்தது. பிளாஸ்டிக் உறையோடு காதில் வைத்தேன்.

"மதினி, நகை விஷயமா ஒண்ணு சொல்லணும்" என்றார்கள். அதுவரை தெளிவாகக் கேட்டது. பிறகு காற்று திரும்பி அருவி மொத்தமும் இந்தப் பக்கம் சாய்ந்தது. பக்கத்தில் ஒரு பெண் தன் பிள்ளையின் தலையைத் தண்ணீருக்குள் தள்ள, அது ஊரைக் கூட்டியது. அந்தச் சத்தத்தில் எனக்குக் கேட்டது இவ்வளவுதான்: "இருபத்திரண்டு மதி... அதுக்குக் குறைய வேண்டாம்... எனக்கு அது ஒண்ணுதான்..."

மதி என்றால் செங்கோட்டைப் பக்கம் போதும் என்று அர்த்தம். மலையாளத்திலிருந்து வந்து அவர்கள் வாயில் ஒட்டிக்கொண்ட சொல். இருபத்திரண்டு போதுமாம். அதற்குக் குறையக் கூடாதாம். ஏதோ நாற்பது கேட்க வேண்டியவர்கள் நம் முகத்துக்காக இறங்கி வந்த மாதிரி. நான் "சரி" என்று ஒரு சொல் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். அன்று சென்னைக் கூட்டம் ஐந்தருவிக்கும் போகவேண்டும் என்றது. நடந்து போங்க என்று சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் போலீஸில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பாதி சர்வீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்து எழுதுகிற வேலை. அதனால் அவருக்கு எந்த விஷயமானாலும் அது வாக்குமூலமாக வரவேண்டும்.

"அவுக சொன்னதை அப்படியே சொல்லு. ஒரு சொல்லு கூட்டாம, குறைக்காம" என்றார்.

சொன்னேன்.

"பவுன்னு சொன்னாகளா?"

"நகையில இருபத்திரண்டுன்னா பவுன் இல்லாம பின்ன என்ன, படியா? மரக்காலா?"

"இல்லட்டி, திருப்பி ஒருக்கா கேளேன். வாக்குமூலம் வாங்குனா வாசிச்சுக் காட்டி, சரிதானான்னு கேட்டுத்தான் கையெழுத்து வாங்கணும்."

"கேக்க மாட்டேன். கேட்டா கெஞ்சுத மாதிரி இருக்கும். இருபத்திரண்டு போட்டுக் காட்டுவோம். அம்புட்டுதான்."

என் கோபம் அப்படி. கை நீட்டிக் கேட்டிருந்தால்கூட இவ்வளவு வந்திருக்காது. எதுவும் வேண்டாம் என்று கேசரி சாப்பிட்ட வாயாலேயே கேட்டார்களே என்றுதான் எரிந்தது. மகளிடம் ஒன்றும் சொல்லவில்லை. வீரகேரளம்புதூரில் பள்ளிக்கூட ஆசிரியை அவள். சொன்னால் அன்றைக்கே மாப்பிள்ளைக்குப் போன் போட்டு, சுருதி ஏற்றி, சம்பந்தத்தையே முறித்துவிடுவாள். அவளுக்கு என் கோபமும் அவள் அப்பாவின் பிடிவாதமும் சேர்ந்து வாய்த்திருக்கிறது.

ஏழு பவுன் குறைகிறது. இப்போது தங்கம் விற்கிற விலையில் ஏழு பவுன் என்பது விளையாட்டில்லை. மாடியில் ஒரு அறை எடுக்க வைத்திருந்த பணத்தில் நாலு பவுன் தேறும் என்று ஆனது. மீதி மூன்றுக்கு என் கையைப் பார்த்தேன்.

என் கையில் இரண்டு வளையல் கிடந்தது. ஒவ்வொன்றும் ஒன்றரைப் பவுன். கல்யாணத்துக்குப் போட்டதில்லை, யாரும் வாங்கித் தந்ததும் இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், சீட்டுக் கட்டி, அந்தச் சீட்டையும் தள்ளி எடுக்காமல் கடைசிவரை பொறுத்து எடுத்து, தென்காசி பஜாரில் நானே போய் வாங்கியது. கடைக்காரர் பில் என்று ஒரு துண்டுச் சீட்டில் எடையும் விலையும் எழுதி, "சுத்த இருபத்திரண்டு காரட்டு, கண்ணை மூடிக்கிட்டுப் போடுங்க" என்றார். நானும் கண்ணை மூடிக்கொண்டு போட்டேன். குளிக்கும்போதும் கழற்றியதில்லை. ஒரு தடவை சாம்பார்க் கொப்பரையில் கை இறங்கி, கை வெந்து, வளையலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதைக் கழற்றுவதென்றால் எனக்கு எப்படி இருந்திருக்கும். அழுகை வந்தது, உண்மையைச் சொல்கிறேன். ஆனால் சம்பந்தியம்மா முன்னால் குறைந்து நிற்பதை நினைத்தால் அழுகையைவிடக் கோபம் முந்திக்கொண்டது.

ஆவணியில் நல்ல நாள் பார்த்து இரண்டு வீடும் ஒன்றாகத் தென்காசியில் நகைக்கடைக்குப் போனோம். தாலிக்கொடி அவர்கள் செலவு, பெண்ணுக்கு நகை எங்கள் செலவு. ஒரே கடை, ஒரே நேரம் என்று பேச்சு. மாப்பிள்ளையும் மகளும் மோதிரம் பார்க்க மாடிக்குப் போனார்கள். ஒன்றரை மணி நேரம் மோதிரம் பார்த்தார்கள். எந்த மோதிரமும் வாங்கவில்லை.

கீழே நாங்கள் மூன்று பேர்: நான், வீட்டுக்காரர், சம்பந்தியம்மா. சம்பந்தியம்மா உட்கார்ந்ததும் பையிலிருந்து ஒரு பூதக்கண்ணாடியை எடுத்து மடியில் வைத்தார்கள். பஞ்சாங்கம் பார்க்க வீட்டில் வைத்திருக்கிற கண்ணாடியாம். எதற்கு என்று கேட்கவில்லை. எண்ணிப் பார்க்கக் கண்ணாடி எதற்கு என்றுதான் மனதுக்குள் நினைத்தேன்.

"என்ன பாக்குதீக அம்மா?" என்று கடைப்பெண் கேட்டது.

"இருபத்திரண்டு பவுனுக்கு" என்று சொல்ல வாயெடுத்தேன். பவுன் என்ற சொல் வெளியே வருவதற்குள் சம்பந்தியம்மா, "ஆமா, இருபத்திரண்டு. எல்லாம் இருபத்திரண்டாத்தான் இருக்கணும்" என்றார்கள்.

என் கோபத்துக்கு யாரோ மண்ணெண்ணெய் ஊற்றின மாதிரி இருந்தது. எல்லாமுமே இருபத்திரண்டா? வளையல் இருபத்திரண்டு, செயின் இருபத்திரண்டா? இந்த அம்மாவுக்கு என்ன வேண்டும், கடையையே எழுதித் தரவேண்டுமா?

"மொத்தமா இருபத்திரண்டு" என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

"மொத்தம், தனித்தனி எல்லாம்தான் மதினி. ஒண்ணு இருபத்திரண்டா இருந்து இன்னொண்ணு குறைஞ்சா என்ன பிரயோசனம்?"

"குறையாது, சம்பந்தியம்மா. நாங்க சொன்னா சொன்னதுதான்."

"அதான் எனக்கு வேணும்" என்று என் கையைப் பிடித்து அழுத்தினார்கள். கையை இழுத்துக்கொண்டேன்.

கடைப்பெண் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது. அதற்கும் ஒன்றும் புரிந்திருக்காது. நெக்லஸ், செயின், வளையல், தோடு, ஜிமிக்கி என்று எடுத்து வைக்க வைக்க, சம்பந்தியம்மா ஒவ்வொன்றாக எடுத்து உள்பக்கம் கண்ணாடியை வைத்துப் பார்த்தார்கள். "ஆ, இருபத்திரண்டு" என்று ஒன்றைக் கீழே வைப்பது, அடுத்ததை எடுப்பது, "இதுவும் இருபத்திரண்டு" என்பது. எடைக்குப் பக்கமே போகவில்லை. நானோ எடையைத் தவிர எதையும் பார்க்கவில்லை. பதினைந்து பவுன் வந்ததும், கடைசியில் நான் ஒரு ஆரத்தைச் சுட்டினேன். ஏழு பவுன் ஆரம். கழுத்திலிருந்து தொப்புள்வரை தொங்கியது. மகளுக்குத் துளிகூடப் பொருந்தாது. எனக்கு அதன் எடைதான் பிடித்திருந்தது.

இதற்கிடையில் வீட்டுக்காரர் விசாரணையைத் தொடங்கிவிட்டார். கடைப்பெண் போட்டுக் கொடுத்த மதிப்பீட்டுத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார். எனக்குத் தெரியும். அப்படி இறக்கினால் எதிரே இருக்கிற ஆள் வீட்டுக்குப் போக நேரமாகும்.

"வெளியில போர்டுல என்ன எழுதியிருக்கு?"

"செய்கூலி இல்லைன்னு, அண்ணாச்சி."

"இங்கன சேதாரம்னு நூத்துக்குப் பதினாலு போட்டிருக்கு. சேதாரம்னா என்ன? சேதமான பொருளா இது?"

"இல்ல அண்ணாச்சி, நகை செய்யும்போது ராவுததுல, உருக்குததுல தூளாப் போகும்லா, அதுக்கு."

"நூத்துக்குப் பதினாலு தூளாப் போச்சுதா? பெறவு அந்தத் தூள் எங்க? யார் பொறுப்புல இருக்கு?"

கடைப்பெண் மேலாளரைக் கூப்பிட்டது. அவர் வந்து காபி சொன்னார். வீட்டுக்காரர் காபியைக் குடித்துவிட்டு அதே கேள்வியைக் கேட்டார். மேலாளர் கொஞ்ச நேரம் சிரித்துப் பார்த்தார், பிறகு உண்மையைச் சொன்னார். செய்கூலி என்று தனியாகப் போடாத கடையில் அதுவும் சேதாரத்துக்குள்ளேதான் இருக்கும். கூலி தனி, சேதாரம் தனி என்று போடுகிற கடையும் உண்டு. எந்தக் கடையானாலும் தங்கத்தின் விலைக்கு மேலே மொத்தம் எவ்வளவு வருகிறது என்று பார்த்தால் போதும். வேலைப்பாடு கூடினால் அதுவும் கூடும், சாதாரண செயினுக்குக் குறையும்.

"அப்பம் போர்டுல எழுதியிருக்கது பொய்."

"பொய்ன்னு இல்ல அண்ணாச்சி. விளம்பரம்."

வீட்டுக்காரர் அந்தப் பதிலைச் சட்டைப்பை டைரியில் எழுதிக்கொண்டார். அடுத்தது கல் எடை. தோட்டில் கல் இருக்கிறது, மொத்த எடையில் அந்தக் கல்லைக் கழித்து மீதிக்குத்தான் தங்க விலை போட்டிருக்கிறார்களா என்று பார்த்தார். போட்டிருந்தார்கள். கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது அவருக்கு. அடுத்தது ஹால்மார்க் கட்டணம். ஏழு பவுன் ஆரத்துக்கும், சின்னத் தோட்டுக்கும் ஒரே கட்டணம் ஏன் என்றார். எடைக்கு இல்லை, உருப்படிக்கு இவ்வளவு என்று மேலாளர் சொன்னார். பிறகு ஒவ்வொரு நகையிலும் பொறித்திருக்கிற ஆறெழுத்துக் குறியை வாசிக்கச் சொல்லி, செல்போன் செயலியில் அடித்துப் பார்த்தார். எழுத்தும் எண்ணும் கலந்து வண்டி நம்பர் மாதிரி இருக்கும் அது, ஒரு நகைக்கு இருப்பது இன்னொன்றுக்கு இருக்காது. அடித்தால் அது என்ன நகை, எத்தனை காரட், எந்த நிலையத்தில் சோதித்தது என்று வரும். "பேர் சரி, ஊர் சரி, வண்டியை விடு" என்று சொல்லிச் சொல்லி ஒவ்வொன்றாக நகர்த்தினார். பின்னால் நின்ற இரண்டு குடும்பங்கள் தங்கள் நகைக்கும் பார்த்துத் தரச் சொன்னார்கள். பார்த்தும் கொடுத்தார்.

கணக்கு முடிந்து மூன்று பவுன் துண்டு விழுந்தது. எதிர்பார்த்ததுதான். சம்பந்தியம்மா தாலிக்கொடி பார்க்க அடுத்த கவுன்டருக்கு நகர்ந்த நேரமாகப் பார்த்து, சோப்புத் தண்ணீர் கேட்டு, இரண்டு வளையலையும் கழற்றினேன். வலது கை வளையல் சுலபமாக வந்துவிட்டது. இடது கை வளையலுக்கு வர மனமில்லை. கைமுட்டி சிவந்துபோனது.

பழைய நகையை முதலில் ஒரு பெட்டிக்குள் வைத்துச் சோதித்தார்கள். உரசாமல், வெட்டாமல், உள்ளே எவ்வளவு தங்கம் என்று காட்டுகிற கருவி. திரையில் எண்பத்து மூன்று புள்ளி நான்கு என்று வந்தது.

"இருபது காரட்டும்மா" என்றது கடைப்பெண், மெதுவாக.

"இருபத்திரண்டுன்னு சொல்லித்தான் வாங்கினேன்."

"நூத்துக்குத் தொண்ணூத்து ஒண்ணரைக்கு மேல இருந்தாத்தான் இருபத்திரண்டு. அதைத்தான் ஆயிரத்துக்கு 916-ன்னு அடிக்குதோம். இதுல அம்புட்டு இல்ல. அந்தக் காலத்துல முத்திரை கிடையாதுலா, ஆளுக்கு ஒரு விதமாச் செஞ்சாக."

இருபத்தைந்து வருஷம் நான் கண்ணை மூடிக்கொண்டு போட்டிருந்தது இருபது. வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். "அந்தக் கடையை எப்பமோ மூடியாச்சு. குற்றவாளி தலைமறைவு" என்று சமாதானம் சொன்னார். சமாதானம் சொல்லத் தெரியாத மனுஷர். மூன்று பவுன் கணக்கில் இரண்டே முக்கால்தான் தேறியது. இருக்கட்டும், கால் பவுனைக் கைச்செலவில் சரிக்கட்டலாம் என்று, "உருக்குங்க" என்றேன். உருக்கினால்தான் அழுக்கு, மெழுகு போக மிச்சம் சரியாகத் தெரியும் என்றார்கள்.

உருக்குகிற இடம் கடைக்குப் பின்னால். வீட்டுக்காரர் கூடவே போனார். "ரெண்டையும் ஒண்ணாப் போடக்கூடாது. ஒவ்வொண்ணா உருக்கணும், ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா எடை எழுதணும். கலந்துட்டா பெறவு எதுல எம்புட்டு இருந்துச்சுன்னு யாரு சொல்லுவா?" என்று அவர் சத்தம் போட்டது முன்னால்வரை கேட்டது. நேரத்தை வீணாக்குகிறாரே என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

சம்பந்தியம்மா திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். என் கையைப் பார்த்தார்கள். சோப்பு நுரையும் சிவப்புத் தடமும்தான் இருந்தது.

"வளையல் எங்க மதினி?"

"போட்டாச்சு."

"எங்க போட்டீக?"

"நீங்க கேட்ட இருபத்திரண்டுக்குத்தான்" என்றேன். இரண்டு மாதமாக அடக்கிவைத்தது, சட்டென்று வந்துவிட்டது. "பதினைஞ்சு வச்சிருந்தோம். நீங்க இருபத்திரண்டு மதின்னுட்டீக. மீதி ஏழு எங்கேருந்து வரும்? கையில கிடந்தது போச்சு, மாடி போச்சு. குறைய வேண்டாம்னு சொன்னீகள்லா, குறைக்கல."

சம்பந்தியம்மாவின் வாய் திறந்து அப்படியே நின்றது.

"நான் எங்க பவுன் சொன்னேன்? நான் சொன்னது காரட்டு."

"என்னது?"

"எத்தனை பவுனோ உங்க இஷ்டம், ரெண்டு பவுன் போட்டாலும் சரி, போடுதது இருபத்திரண்டு காரட்டா முத்திரையோட இருக்கட்டும், அது மதின்னுலா சொன்னேன். நீங்க சரின்னீகளே."

நான் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது. சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் ஓடினேன். ஐம்பத்தெட்டு வயதில் நகைக்கடைக்குள் ஓடினால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. காவலாளி என் பின்னால் ஓடிவந்தார். அவர் பின்னால் சம்பந்தியம்மா, கையில் பூதக்கண்ணாடியோடு.

"நிறுத்துங்க, உருக்காதீக" என்று கத்தினேன்.

உள்ளே வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "ஒண்ணு முடிஞ்சுட்டு" என்றார். குண்டு மணியைவிடப் பெரிதாக, தட்டையாக ஒரு கட்டி தட்டில் கிடந்தது. "ஒண்ணு இன்னும் எடை எழுதல. எழுதாம போடக்கூடாதுன்னு நிப்பாட்டி வச்சிருக்கேன்."

அந்த மனுஷரை முப்பது வருஷமாக இந்தப் பழக்கத்துக்காகத் திட்டியிருக்கிறேன். அன்று திட்டவில்லை. மிஞ்சின வளையலைப் பிடுங்கி இடது கையில் போட்டுக்கொண்டேன். கழற்றும்போது அவ்வளவு அடம் பிடித்தது, போடும்போது ஒரு நிமிஷத்தில் ஏறிவிட்டது.

திரும்பி வந்து உட்கார்ந்ததும் முதல் வேலையாக ஏழு பவுன் ஆரத்தைச் சம்பந்தியம்மாவே எடுத்துக் கடைப்பெண்ணின் தட்டில் வைத்தார்கள். "இதை யாருக்கு எடுத்தீக, எருமைக்கா?" என்று கேட்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதேன். உருகின கட்டியை ஒரு சின்ன உறையில் போட்டுக் கொடுத்தார்கள்.

"எதுக்கு மதினி இந்தக் காரட்டு காரட்டுன்னு கிடக்கீக?" என்று அப்போதுதான் கேட்டேன். மதினி என்று அன்றுதான் முதன்முதலாகக் கூப்பிட்டேன், அது எனக்கே பிறகுதான் தெரிந்தது.

அவர்கள் பூதக்கண்ணாடியைத் துடைத்துப் பைக்குள் வைத்தார்கள். "எங்க வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில கிடந்தாக. அடகு வைக்கப் பாங்குக்குப் போனேன். கல்யாணத்துக்கு எனக்குப் போட்ட செயின், நாலு பவுன். உரசிப் பாத்துட்டுப் பதினெட்டு காரட்டு கூட வராதுன்னுட்டான். நான் நினைச்சதுல முக்காவாசி கூடக் கிடைக்கல. வரிசையில எங்க ஊர்க்காரங்க நாலு பேர் நின்னாக. எல்லாரும் என் கழுத்தைப் பாத்தாக. நானே செஞ்சு ஏமாத்துன மாதிரி." பையின் ஜிப்பை இழுத்து மூடினார்கள். "என் மருமவ அந்த வரிசையில நிக்கப் படாது. கஷ்டம் வந்தா அவ கழுத்துல கிடக்குதது அவளுக்கு உதவணும். எத்தனை கிடக்குன்னு எனக்கு எதுக்கு?"

இரண்டு மாதமாக இந்த அம்மாவை என்னவெல்லாம் நினைத்தேன் என்று கணக்குப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது.

"இருபது காரட்டு வளையலைப் போட்டுக்கிட்டுத்தான் நானும் உங்ககிட்ட வீறாப்பு பேசியிருக்கேன்" என்றேன்.

"இருபதா? என்னைவிடத் தேவலையே" என்றார்கள்.

ஐப்பசியில் கல்யாணம். எனக்கு ஒரே கவலை, ஒற்றை வளையல். இரண்டு வளையலோடு என்னைப் பார்த்துப் பழகின சனம் கேட்காமல் விடாது. கவரிங்கில் ஒன்று போட்டுக்கொள் என்றாள் மகள். எனக்குப் போட மனம் வரவில்லை. மண்டபத்தில் வலது கையைச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டே சந்தனம் கொடுத்தேன், பூ கொடுத்தேன். சாப்பாட்டுப் பந்தியில் வீட்டுக்காரரின் அக்கா பிடித்துவிட்டாள். அவளுக்கு எதையும் மெதுவாகக் கேட்கத் தெரியாது.

"ஏட்டி, இன்னொரு வளையல எங்க? மவளுக்குப் போட வித்துட்டியளோ?"

பந்தியில் பாதி பேர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். நான் வாயைத் திறப்பதற்குள், பக்கத்தில் பாயசம் விசாரித்துக்கொண்டிருந்த சம்பந்தியம்மா தன் வலது கையை முழங்கைவரை தூக்கிக் காட்டினார்கள். வெறுங்கை. இடது கையில் ஒரே ஒரு வளையல். காலையில் தாலி எடுத்துக் கொடுக்கும்போது இரண்டு கையிலும் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

"சம்பந்தி ரெண்டு பேருக்கும் ஒண்ணு ஒண்ணுதான் அக்கா. எங்க பக்கத்து வழக்கம்" என்றார்கள்.

அக்கா வாயை மூடிக்கொண்டாள். நான் சம்பந்தியம்மாவின் வெறுங்கையை என் வெறுங்கையால் பிடித்துக்கொண்டேன். இந்தத் தடவை இழுத்துக்கொள்ளவில்லை.

"உங்க வளையல் எங்க?" என்று காதோடு கேட்டேன்.

"மணவறைக்குப் பின்னாடி என் தங்கச்சி மடியில கிடக்கு. உங்க வளையல் போனது என் பேச்சாலதான? நீங்க மட்டும் ஒத்தக் கையா நின்னா எனக்கு நல்லாவா இருக்கும்?"

"உங்க பேச்சுல ஒண்ணும் குத்தமில்ல மதினி. அருவியிலதான் குத்தம்."

"உங்க காதுல" என்றார்கள்.

தை மாதம் சுந்தரபாண்டியபுரத்தில் வீட்டுக்காரர் சொந்தத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் உட்கார்ந்து நிமிர்ந்து பார்க்கிறேன், அந்தக் கல்யாணத்துச் சம்பந்தியம்மாமார் இரண்டு பேரும் இடது கையில் மட்டும் வளையல் போட்டிருந்தார்கள். ஏன் என்று கேட்டேன். "செங்கோட்டைப் பக்கத்து வழக்கமாம். சம்பந்திக்காரங்க ஒத்துமையா இருப்பாங்களாம். உங்க நாத்தனாருதான் சொன்னாக" என்றார்கள்.

இலையை விட்டு எழுந்து வெளியே ஓடிவந்து சம்பந்தியம்மாவுக்குப் போன் போட்டேன். உள்ளே நாதஸ்வரம், வெளியே ஜெனரேட்டர். நான் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே விவரத்தைச் சொல்ல, அந்தப் பக்கத்திலிருந்து, "கேக்கல மதினி, என்ன போச்சு? யாருக்கு?" என்று பதறினார்கள்.

"ஒண்ணும் போகல, ஒத்த வளையலு" என்று கத்தினேன்.

"இன்னொரு வளையலும் போச்சா? ஐயையோ, வைங்க போனை. சத்தத்துல எதையும் சொல்லாதீக மதினி. எழுதி அனுப்புங்க."